தலைப்பு இல்லாத கேள்விகள்: பிளாக் படிப்பும் கலப்புப் படிப்பும்

போன வாரம் டூட்டி ரூமில் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி வந்து உட்கார்ந்தான். "அண்ணா, பார்மா மூணு ரிவிஷன் முடிச்சிட்டேன். பார்மா டெஸ்ட் மட்டும் போட்டா நல்லா வருது. கிராண்ட் டெஸ்ட்ல அதே பார்மா கேள்வி தப்பாயிடுது. ஏன்ணா?"

கேள்வி சின்னது, பதில் சொல்ல ஒரு நாற்பது வருஷக் கதை வேணும். இழை நீளமாப் போகும், டீ எடுத்துட்டு வாங்க. டாக்டர் இல்லாதவங்களும் படிக்கலாம். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு எழுதுறவங்களுக்கும் இதே சிக்கல்தான்.

முதல்ல நாங்க எப்படிப் படிச்சோம்னு சொல்லிடறேன். பழைய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் முதல் வருஷம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. அடுத்தது பேத்தாலஜி, பார்மகாலஜி, மைக்ரோபயாலஜி, பாரன்சிக். அப்புறம் கண், காது மூக்கு தொண்டை, சமூக மருத்துவம். கடைசியில்தான் மெடிசின், சர்ஜரி, மகப்பேறு, குழந்தைகள். தேர்வு முடிஞ்சதும் அந்தப் புத்தகம் பரணுக்குப் போயிடும். ஒவ்வொரு பாடமும் தனித்தனி பெட்டி. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் பாடங்களை இணைக்கச் சொல்லுது. ஆனா அதுக்கு முன்னாடி படிச்ச எங்க தலைமுறைக்கு மூளையில் பெட்டிகள்தான்.

பிஜி தேர்வுக்குப் பெட்டி கிடையாது. 2016 வரை தமிழ்நாட்டுக்குன்னு தனி பிஜி நுழைவுத் தேர்வு இருந்தது. தேசிய அளவிலான நீட் பிஜி முதல்ல 2012 கடைசியில் நடந்தது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை ரத்து பண்ணியது, 2016-இல் அந்தத் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. 2017 சேர்க்கையிலிருந்து எல்லாருக்கும் நீட் பிஜிதான். பத்தொன்பது பாடங்கள், ஒரே தேர்வு. 2021-இல் கேள்விகள் 300-லிருந்து 200 ஆச்சு. 2024-இல் இன்னொரு மாற்றம்: 40 கேள்விகள் கொண்ட ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம், முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. ஒரு கேள்வி கண், அடுத்தது மகப்பேறு, அதற்கடுத்தது விஷம். இது எந்தப் பாடக் கேள்வின்னு மேலே எழுதியிருக்காது.

இங்கதான் கதை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகுது.

1979-இல் அமெரிக்காவில் ஷியா, மார்கன்னு இரண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. கையில் டென்னிஸ் பந்து, முன்னாடி சின்னச் சின்ன மரத் தடுப்புகள். குறிப்பிட்ட வரிசையில் அதை வேகமாத் தட்டி விடணும். மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முழுசா முடிச்சிட்டு இரண்டாவதுக்குப் போச்சு. இன்னொரு குழுவுக்கு மூன்றும் கலந்து வந்தது. பயிற்சியில் முதல் குழுதான் வேகம். ஆனா பத்து நாள் கழிச்சுச் சோதிச்சப்போ கலந்து செஞ்சவங்க முன்னாடி இருந்தாங்க.

கை வேலைக்கு இது சரி, படிப்புக்கு? 2007-இல் ரோரர், டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களை வச்சுக் கணக்கில் பார்த்தாங்க. அதிகம் கேள்விப்படாத நான்கு கன உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் சூத்திரங்கள். ஒரு குழு ஒரு உருவத்தின் கணக்கை எல்லாம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போச்சு. இன்னொரு குழுவுக்கு எல்லாம் கலந்து. பயிற்சியின்போது பிளாக் குழு 89 சதவீதம் சரி, கலப்புக் குழு 60. ஒரு வாரம் கழிச்சுத் தேர்வு. பிளாக் குழு 20, கலப்புக் குழு 63.

இந்த நாலு எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, தம்பியோட கேள்விக்குப் பதில் இதுக்குள்ள இருக்கு. பிளாக்காப் பயிற்சி பண்றப்போ எந்தச் சூத்திரம்னு யோசிக்கவே வேண்டாம், முந்தின கணக்குக்குப் போட்டதையே போட்டாப் போதும். தேர்வில் முதல் வேலையே எந்தச் சூத்திரம்னு கண்டுபிடிக்கிறது. அந்த வேலையை அவங்க ஒரு தடவைகூடப் பழகல.

எங்க துறைக்கு இது 2003-லேயே வந்திடுச்சு. கனடாவில் ஹடாலா, புரூக்ஸ், நார்மன்னு மூன்று பேர் இசிஜி படிக்கக் கத்துக்கறவங்களை வச்சு ஆராய்ந்தாங்க. ஒரு குழுவுக்கு ஒரே வகை இசிஜிகள் வரிசையா, அப்புறம் அடுத்த வகை. மற்ற குழுவுக்குக் கலந்து கொடுத்து, ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாங்க. பிறகு புது இசிஜிகளைக் காட்டினப்போ கலப்புக் குழு 46 சதவீதம் சரி, மற்றது 30. புத்தகத்தில் பண்டில் பிரான்ச் பிளாக் அத்தியாயத்தைத் திறந்தா அதில் இருக்கிற எல்லா இசிஜியும் பண்டில் பிரான்ச் பிளாக்தான். தாளைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே விடை தெரியும். நைட் டூட்டியில் நெஞ்சைப் பிடிச்சுட்டு வர்றவர் கையில் அத்தியாயத் தலைப்போடவா வர்றார்?

நம்ம மாவட்டத்திலிருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடிச்சுப் பத்துப் பேருக்கு மேல இறந்தாங்க. பாதிக்கப்பட்ட பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தாங்க. சாராயத்தில் இருந்தது மெத்தனால்.

இந்த ஒரே விஷத்தை எம்பிபிஎஸ்ஸில் எங்கெங்க படிச்சோம்னு பாருங்க. மெத்தனால் ஃபார்மிக் அமிலமா மாறுதுன்னு பயோகெமிஸ்ட்ரியில். அந்த மாற்றத்தைத் தடுக்க எத்தனால் அல்லது ஃபோமெபிசோல்னு பார்மகாலஜியில். போஸ்ட்மார்ட்டம் குறிப்புகள் பாரன்சிக்கில். பார்வை நரம்பு பாதிப்பு கண் மருத்துவத்தில். ரத்தம் அமிலமாறது, டயாலிசிஸ் எல்லாம் மெடிசினில். அஞ்சு துண்டு, அஞ்சு பெட்டி, நாலு வருஷ இடைவெளி.

இதை மெத்தனால்னு ஒரே தலைப்பில் சேர்த்து எழுதிட்டா முடிஞ்சதான்னா, இல்லை. அது இன்னொரு பெட்டி, அவ்வளவுதான். கலப்புப் படிப்புன்னா மெத்தனாலை அதோட குழம்பக்கூடிய நோய்களுக்குப் பக்கத்தில் வைக்கிறது.

கேள்வி இப்படி வருதுன்னு வச்சுக்கோங்க. நாற்பது வயசு ஆண், நேற்று குடித்தார், இன்று வாந்தி, வயிற்று வலி, மூச்சு ஆழமா வேகமா வாங்குது, ரத்தம் அமிலமா இருக்கு. இது மெத்தனாலா இருக்கலாம். சர்க்கரை நோயின் கீட்டோ அமிலத்தன்மையா இருக்கலாம். நாலு நாள் சாப்பிடாம குடிச்சதால் வந்த கீட்டோ அமிலத்தன்மையா இருக்கலாம். மூன்றுக்கும் மூச்சு ஒரே மாதிரிதான். பிரிக்கிறது எது? பார்வை மங்குது, பனி கொட்டுற மாதிரி தெரியுதுன்னு சொன்னா, குடிச்சுப் பல மணி நேரம் கழிச்சுத் தொந்தரவு ஆரம்பிச்சதுன்னா, மெத்தனால். சுகர் எகிறி இருந்து கீட்டோன் இருந்தா முதல் சந்தேகம் சர்க்கரை. சுகர் சாதாரணமாவோ குறைவாவோ இருந்து, கீட்டோன் இருந்து, பார்வையில் கோளாறு இல்லைன்னா மூன்றாவது. அதுக்குத் தயமின், குளுக்கோஸ், சலைன் போட்டாலே பெரும்பாலும் தெளிஞ்சிடுவார்.

நாலாவதா ஒருத்தரைச் சேர்க்கணும், நம்ம ஊருக்கு அவர் ரொம்ப முக்கியம். குடிச்சிட்டுப் பூச்சிமருந்தையும் குடிச்சவர். வாடை குழப்பும், மயக்கம் குழப்பும். ஆனா ஆர்கனோபாஸ்பரஸ்னா கண்பாவை ஊசிமுனையா சுருங்கும், எச்சில் ஒழுகும், வியர்க்கும். அதுக்கு அட்ரோபின். மெத்தனாலுக்கு அட்ரோபின் எதுவும் செய்யாது. இந்த நாலையும் ஒரே உட்காரலில் கலந்து போட்டாத்தான் கண்பாவையைப் பார்க்கணும், பார்வையைப் பற்றிக் கேட்கணும்கிற பழக்கம் வரும். டாக்ஸிகாலஜி அத்தியாயத்தை மட்டும் பத்து தடவை படிச்சா சர்க்கரை நோய் மனசுக்குள்ளயே வராது.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் எல்லாரும் பிளாக்காப் படிக்கிறாங்க? 2008-இல் கோர்னெல், பியோர்க் செஞ்ச சோதனை இதுக்குப் பதில் சொல்லுது. பன்னிரண்டு ஓவியர்களின் படங்கள். சில ஓவியர்களின் படங்களைத் தொடர்ச்சியாவும், சிலரோடதைக் கலந்தும் காட்டினாங்க. பிறகு புது ஓவியத்தைக் காட்டி, வரைஞ்சது யாருன்னு கேட்டாங்க. கலந்து பார்த்த ஓவியர்களைத்தான் அதிகம் சரியாச் சொன்னாங்க. தேர்வு முடிஞ்சதும் எது உதவிச்சுன்னு கேட்டா, அதிகம் பேர் தொடர்ச்சியாப் பார்த்ததுதான்னு சொன்னாங்க! பிளாக் படிப்பு சுகமா ஓடும், அந்த ஓட்டத்தை நாம அறிவுன்னு எடுத்துக்கறோம். கோச்சிங் அட்டவணைகளில் 'இந்த வாரம் பார்மா, அடுத்த வாரம் மைக்ரோ'ன்னு போடறதும் முடிச்ச திருப்தி கிடைக்கிறதாலதான்னு நினைக்கிறேன்.

ஆனா இதை மந்திரம்னு விக்கிறவங்களையும் நம்பாதீங்க. 2019-இல் புருன்மயர், ரிக்டர் இருவரும் இதுவரை வந்த ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. ஓவியம் மாதிரி பார்த்துப் பிரிக்கிற விஷயத்தில் கலப்பு நல்லாவே ஜெயிச்சது. கணக்கில் அதைவிடக் குறைவு. வெறும் சொற்களைக் கத்துக்கறதில் பிளாக்தான் மேல். அதனால தொற்றுநோய் மருந்துப் பட்டியல், தடுப்பூசி அட்டவணை மாதிரி அப்படியே மனப்பாடம் பண்ண வேண்டியதை இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பாடம் மாத்திப் படிச்சுப் பயனில்லை. முதல் முறை படிக்கிற பாடத்துக்கும் பிளாக்தான். ஒண்ணையே பார்க்காதவர் எதை எதோட ஒப்பிடுவார்? அப்புறம், கலந்து படிச்சா ஒரே விஷயத்துக்கு இடைவெளி விட்டுத் திரும்பி வர்றோம். பலனில் ஒரு பங்கு அந்த இடைவெளிக்கே சேரும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பத்தொன்பது பாடத்திலிருந்தும் கலந்து 40 கேள்வி, 42 நிமிடம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைச்சா கூட்டேரிப்பட்டு தாண்டும்போது ஒரு பகுதி முடிஞ்சிருக்கும். இடம் கிடைக்கலைன்னா என்னைத் திட்டாதீங்க. தப்பான கேள்விகளை இரண்டாப் பிரிக்கணும். 'தெரியவே தெரியாது' ஒரு பக்கம், 'தெரியும், ஆனா இன்னொண்ணுன்னு நினைச்சேன்' மறுபக்கம். முதல் வகைக்கு அந்தப் பாடத்தைத் திறந்து பிளாக்காப் படிக்கணும். இரண்டாவது வகையில் எதை எதுன்னு நினைச்சோமோ அந்த ஜோடியை எழுதி, அடுத்த வாரம் இரண்டையும் கலந்து போடணும்.

முதல் இரண்டு வாரம் மார்க் குறையும். அந்த 60-ஐப் பார்த்துப் பயந்து 89-க்குத் திரும்பி ஓடறவங்கதான் அதிகம். சரியாப் போகுதான்னு தெரிஞ்சுக்க மொத்த மார்க்கைப் பார்க்காதீங்க, ஜோடிப் பட்டியலைப் பாருங்க. பழைய ஜோடிகள் திரும்பத் திரும்ப வந்தா நீங்க கலக்கிறது சும்மா சீட்டுக் கலைக்கிற மாதிரி, ஒப்பிடாமலே தாண்டிப் போறீங்கன்னு அர்த்தம். பழசு மறைஞ்சு புது ஜோடிகள் வந்தா வேலை நடக்குது.

நேத்து தம்பி அவனோட முதல் பட்டியலை அனுப்பினான். 40-இல் 17 தப்பு. தெரியாதது 6. மாத்தி நினைச்சது 11, அதில் 5 பார்மா. மூணு ரிவிஷன் முடிச்ச அதே பார்மா.