இடம் வரும் கோயில்

கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்குப் போகும் நம் ஊர்க்காரர், மேற்கு வாசலில் நுழைந்ததும் கால் பழகிய வழியில் இடப்பக்கம் திரும்புவார். கோயில் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், அதுதானே வலம். அப்படி நடந்தால் முதலில் இலங்கைப் போர் வரும். வடக்கிலும் கிழக்கிலும் தேவாசுரச் சண்டைகளும் பாற்கடல் கடைதலும் வரும். தென்கிழக்கு மூலை திரும்பியதும் தகராறு தொடங்கும். யமன் தீர்ப்புச் சொல்லும் காட்சி முன்னால் வந்து, உயிர்கள் அவனிடம் போகும் காட்சி பின்னால் வரும். அதற்கு அடுத்த சுவரில் ஒரு பேரரசனின் படை முழுதும் யானை, குதிரை, கொடிகளோடு நமக்கு எதிரே வந்துகொண்டிருக்கும். இரண்டாம் முறை எதிர்ப்பக்கமாக, கோயிலை இடக்கைப் பக்கம் வைத்து நடந்தால் படை நம்மோடு சேர்ந்து நடக்கும், கதையும் ஒழுங்காக வரும்.

அந்த அரசன் இரண்டாம் சூரியவர்மன். 1113இல் அரியணை ஏறியவன். அதற்கு அடுத்த ஆண்டைச் சேர்ந்த சிதம்பரம் கல்வெட்டு ஒன்று, காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்கனுக்குக் காட்டிய அரிய கல்லொன்று தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டதைச் சொல்கிறது. சோழ அவையில் பெயர் அடிபட்ட அந்த அரசன் எழுப்பிய விஷ்ணு கோயில்தான் அங்கோர் வாட். சிற்பங்கள் உள்ள சுற்றாலை ஏறத்தாழ 215 மீட்டருக்கு 187 மீட்டர். உள்சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம். வெளிப்பக்கம் தூண்கள், வெளிச்சம்.

கோயிலைப் பற்றிய இரண்டு செய்திகள் ஆய்வாளர்களை நெடுங்காலம் உறுத்தின. கெமர் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை, இது மேற்கு நோக்கியது. நடைபாதையும் இடப்புறமாகவே ஓடுகிறது. ஈமக் கிரியையில் நாம் இடம் வருகிறோம். மேற்கு, சூரியன் மறையும் திசை. இரண்டையும் சேர்த்து, இது கோயிலல்ல, அரசனின் சமாதி என்று ப்ரிலுஸ்கி என்ற பிரெஞ்சு அறிஞர் வாதிட்டார். ‘கோயிலா, கல்லறையா?’ என்று தலைப்பிட்டு 1933இல் ஜார்ஜ் செதேஸ் எழுதிய கட்டுரை அந்த விவாதத்தின் மையம். செதேஸ் ஒரு பக்கம் சாயவில்லை. அரசன் உயிரோடு இருக்கையில் விஷ்ணுவின் இல்லம், இறந்தபின் விஷ்ணுவோடு ஒன்றிவிட்ட அரசனின் இல்லம் என்று இரண்டையும் இணைத்தார்.

நடையைச் சான்றாக எடுப்பவர்கள் இங்கேதான் கொஞ்சம் நின்று சுவரைப் பார்க்க வேண்டும். எட்டுப் பெரிய சிற்பப் பகுதிகளில் எத்தனை உண்மையிலேயே ஒரு திசையைக் காட்டுகின்றன? குருக்ஷேத்திரத்தில் கௌரவர் இடமிருந்தும் பாண்டவர் வலமிருந்தும் வந்து நடுவில் மோதுகிறார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் போர் போர்தான். இலங்கைப் போரும் அப்படியே. பாற்கடலில் ஒருபுறம் அசுரர், மறுபுறம் தேவர், நடுவில் மத்து. இவை நம்மை எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. திசை சொல்பவை தெற்குச் சுவரின் இரண்டு பகுதிகளும், வடக்கே பாணாசுரனைக் கிருஷ்ணன் வெல்லும் பகுதியும்தான். பாணாசுரன் கதையில் கருடன் மேல் வரும் கிருஷ்ணன், இடமிருந்து வலமாக முன்னேறி, வலக்கோடியில் சிவன் முன் மண்டியிடுகிறான். அந்த வரிசைப்படி நடந்தால் கோயில் நம் இடக்கைப் பக்கமே வரும்.

ஆனால் இந்தப் பாணாசுரன் சுவர் 12ஆம் நூற்றாண்டு வேலையே அல்ல. வடகிழக்கு மூலையின் இருபுறமும் வெறுமையாக விடப்பட்டிருந்த இரண்டு பகுதிகளை, அங் சான் என்ற அரசன் காலத்தில், 1546க்கும் 1564க்கும் இடையில் செதுக்கி முடித்தார்கள். இதைச் சொல்லும் கல்வெட்டுகள் அங்கேயே இருக்கின்றன. கை வேலையும் தெரிந்துவிடும். பழைய சுவர்களின் நுணுக்கம் இதில் இல்லை. நானூறு ஆண்டுக்குப் பிறகு வந்தவர்களும் அதே திசையில் கதையை ஓடவிட்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஈமச் சடங்கு நோக்கம் எதுவும் இருந்திருக்க முடியாது. அப்படியானால் திசைக்கு வேறு எளிய காரணம் உண்டா?

உண்டு. கெமர் எழுத்தும் நம் எழுத்தைப் போல இடமிருந்து வலமாகத்தான் ஓடுகிறது. உள்சுவரை நோக்கி நின்று கதையை எழுத்து ஓடும் பக்கமாகவே செதுக்கினால், அதைத் தொடர்ந்து நடப்பவர் தானாகவே கோயிலை இடம் வருவார். சிற்பி சடங்கை நினைத்தாரா, எழுதும் பழக்கத்தில் செதுக்கினாரா என்பதைச் சுவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஜாவாவின் போரோபுதூர் உதவுகிறது. அது பௌத்தர்கள் வலம் வந்து ஏறிய மலைபோன்ற தூபி. அங்கேயும் அதே எழுத்து மரபுதான், இடமிருந்து வலம். ஆனால் பிரதானச் சுவரில் கதைகள் வலமிருந்து இடமாக ஓடுகின்றன. எதிரே உள்ள கைப்பிடிச் சுவரில் மட்டும் இடமிருந்து வலமாக. காரணம், நடப்பவர் வலம் வருகிறார். இருபக்கச் சுவரும் அவர் கால் போகும் பக்கமே ஓட வேண்டும். வலம்வரும் வழி முக்கியம் என்று நினைத்த சிற்பிகள் எழுத்துப் பழக்கத்தை மீறிக் கதையைத் திருப்பியிருக்கிறார்கள். அங்கோர் வாட்டில் அப்படித் திருப்பவில்லை. ஆகவே ஒன்று, வேண்டுமென்றே இடம் வர வைத்தார்கள். அல்லது சுற்றுவழியைச் சிற்பத்தோடு இணைக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. ப்ரிலுஸ்கியின் வாதம் முதலாவதை மட்டுமே பார்த்தது.

இடம் வருவது எப்போதுமே சாவோடு சேர்ந்தது என்பதும் நமக்கு ஒப்பாது. பிரதோஷ நாளில் சிவன் கோயிலில் சோமசூக்தப் பிரதட்சிணம் செய்பவர் வலமும் இடமுமாகத்தான் போகிறார். மேற்கு வாசலும் அப்படியே. காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் மேற்கு நோக்கியது. இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் கட்டியது. யாரும் அதைச் சமாதி என்று சொன்னதில்லை. விஷ்ணு மேற்கு நோக்கி இருப்பது இந்திய மரபுக்குப் புதிதல்ல.

சமாதி வாதத்தில் எனக்கு வலுவாகப் படுவது நடையோ திசையோ அல்ல, தெற்குச் சுவரில் உள்ள ஒரு சிறு எழுத்து. ஊர்வலச் சிற்பத்தில் மலை மேல் அமர்ந்திருக்கும் அரசனுக்குப் பக்கத்தில் அவன் பெயர் பரமவிஷ்ணுலோக என்று வெட்டப்பட்டிருக்கிறது. விஷ்ணுவின் பரம உலகம் சேர்ந்தவன் என்று பொருள். கெமர் அரசர்களுக்கு இறந்தபின் சூட்டும் பெயர் வகை இது. அரசன் மறைந்த பிறகே இந்த எழுத்து வெட்டப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது வாழும்போதே அந்தப் பெயர் தீர்மானிக்கப்பட்டிருந்தது எனலாம். எப்படியும், கோயிலோடு அவன் மறுமை இணைக்கப்பட்டிருந்ததற்கு எழுத்தில் சான்று கிடைத்துவிடுகிறது. ஊர்வலத்தை அடுத்து நேரே யமலோகம் வருவதும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பொருள் பெறுகிறது: 37 சொர்க்கங்கள், 32 நரகங்கள், எருமை மேல் யமன், அவனுக்குத் துணையாகச் சித்திரகுப்தன். நடை தனியாக நின்றால் ஊகம்தான், எழுத்தோடு சேரும்போது அதற்குக் கனம் வருகிறது. நடுக்கோபுரத்தின் கீழே 1934இல் தோண்டிப் பார்த்தபோது ஆழமான குழி ஒன்று மணலும் நீருமாக இருந்தது. அதற்கு முன்பே யாரோ கொள்ளையிட்டுவிட்டார்கள். அரசனின் அஸ்தி அங்கே இருந்ததா என்ற கேள்விக்கு அது பதில் தரவில்லை.

திசையைப் படிப்பதில் இன்னொரு பள்ளி உண்டு. அளவுக்கயிறு பிடிக்கிற பள்ளி. 1976இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை ஒன்று, சம பகலிரவு நாளில் மேற்கு வாசலருகே நிற்பவருக்குச் சூரியன் நடுக்கோபுர உச்சிக்கு மேல் எழுவதைச் சுட்டியது. அந்தக் குழுவில் ஒருவரான எலினார் மானிக்கா பின்னர் தனிநூலே எழுதினார். கோயிலின் அளவுமுழம் ஏறத்தாழ 43.5 சென்டிமீட்டர் என்று கொண்டு, அச்சின் தூரங்களை முழத்தில் கணக்கிட்டார். அகழியின் அகலம் ஏறத்தாழ 190 மீட்டர்; அவர் முழக்கணக்கில் 432க்கு அருகில் வருகிறது. கலியுகத்தின் 4,32,000 ஆண்டுகளை ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. உள்ளே போகப் போக 864, 1296, 1728 முழத் தொலைவுகள்: துவாபரம், திரேதம், கிருதம். அகழிப் பாலத்தைக் கடப்பவர் கலியுகத்தைக் கடந்து, கருவறை நோக்கிக் கிருதயுகத்துக்கு நடக்கிறார் என்பது அவர் வாசிப்பு.

அழகான வாசிப்புதான். இதில் என்னைத் தயங்க வைப்பது முழம். அந்த முழத்தின் நீளத்தைச் சொல்லும் கல்வெட்டு கிடைத்து அதைக்கொண்டு அளக்கவில்லை. கட்டடத்தை அளந்து, எண்கள் முழுமையாக வரும் அலகைத் தேடி எடுத்தார்கள். அகழியைக் கரையிலிருந்து அளப்பதா, படியிலிருந்து அளப்பதா, வாசலை வெளிச்சுவரில் தொடங்குவதா, நிலைப்படியில் தொடங்குவதா என்பதும் அளப்பவர் கையில் இருக்கிறது. இத்தனை பெரிய கட்டடத்தில் அளக்கத் தகுந்த தூரங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் சில நான்கு யுகங்களோடு பொருந்துவது பெரிய அதிசயமில்லை. எந்தத் தூரம் பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் வாசிப்பு சோதனைக்கு வரும்.

எண்ணைவிட நம்பத்தக்க சான்றைத் தருவது அடைபட்ட வாசல். நடுக்கோபுரக் கருவறை முதலில் நான்கு பக்கமும் திறந்திருந்தது. நான்கு அச்சுகளிலும் நடந்தவர் உள்ளிருந்த மூர்த்தியைச் சேரலாம். கோயில் தேரவாத பௌத்தர் கைக்கு வந்தபின் நான்கு வாசலையும் கல் வைத்து அடைத்து, அடைத்த கல்லில் நின்ற கோலப் புத்தரைச் செதுக்கினார்கள். 1908இல் பிரெஞ்சு அதிகாரிகள் தெற்கு வாசலைத் திறந்தனர். அடைத்த நாளோடு வழிபாட்டின் நடை மாறிவிட்டது. உள்ளே போய்ச் சேரும் இடமாக இருந்தது, சுற்றி வந்து நான்கு புத்தரையும் காணும் இடமானது. மத மாற்றத்தை அரசாணையில் தேடுவோருக்கு இந்தக் கல்லடைப்பு போதும்.

மாறியதைப் பின்னர் வந்தவர்கள் எழுதியும் வைத்தார்கள். மொரிமோட்டோ உக்கொண்டாயு என்ற ஜப்பானியர் 1632இல் வந்து, ஆயிரம் புத்தர் கூடம் என்று பெயர்பெற்ற சிலுவை வடிவச் சுற்றாலையின் தூணில் தூரிகையால் எழுதினார். கடல் கடந்து வந்ததையும், பெற்றோருக்காக நான்கு புத்தர் சிலைகள் வைத்ததையும் அது சொல்கிறது. ஏறத்தாழ அதே நூற்றாண்டில் ஜப்பானியர் வரைந்த கோயில் வரைபடம் ஒன்றின் 1715ஆம் ஆண்டுப் பிரதி இன்றும் உள்ளது. அகழியும் பாலமும் சுற்றாலைகளும் அதில் வரையப்பட்டிருக்கின்றன. பாற்கடல் கடையும் சுவரருகே தேவர்கள் கயிறு இழுக்கிறார்கள் என்று குறிப்பு இருக்கிறது. தலைப்பில் இடத்தின் பெயர் ஜேதவனம், புத்தர் போதித்த இந்தியத் தோட்டம்.