செம்புக் கம்பியில் 65,000 படங்கள்

IMG_2043.JPG நான்கு மெகாபைட் எடையுள்ள சின்னக் கோப்பு. 2009இல் ஒரு காதுகுத்தில், கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. கேமரா அட்டையிலிருந்து பழைய கணினிக்கு வந்து, அங்கிருந்து எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு இடம் மாறி, இப்போது தன்னைப்போன்ற 65,000 படங்களோடு கிடக்கிறது. படங்கள் மட்டும் 260 ஜிபி. கூடவே 40 ஜிபி வீடியோ. டிஸ்க் ஒன்றுதான், அது கீழே விழுந்தால் எல்லாம் போயிற்று. ஆகவே மொத்தத்தையும் கிளவுடில் ஏற்றியாக வேண்டும். ஆனால் அந்தத் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. இருப்பது தொலைபேசிக் கம்பியில் ஓடும் ஏடிஎஸ்எல்2+ பிராட்பேண்ட். கீழே இறங்க 8 மெகாபிட், மேலே ஏற 1 மெகாபிட். இந்த அளவுகளை ஓர் உதாரணமாக வைத்துக்கொண்டு, அந்தப் படம் போகும் வழியைத் தொடர்வோம்.

ஏறும் வழி ஏன் இத்தனை குறுகல்? செம்புக் கம்பியின் அலைவரிசையைப் பங்கு போட்டபோதே அது முடிவாகிவிட்டது. அடியில் 4 கிலோஹெர்ட்ஸ் வரை பேச்சுக்கு. ஏறக்குறைய 25 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு துண்டு ஏற்றத்துக்கு. அதற்கு மேலே 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை இறக்கத்துக்கு. வீடுகள் பார்க்கும், படிக்கும், எதையும் அனுப்பாது என்ற கணிப்பில் பிரித்த பங்கு அது. பேக்கப் அந்தக் கணிப்புக்கு நேர் எதிரான வேலை.

படம் புறப்படும்போது முதலில் துண்டு துண்டாகிறது. சுமார் 2,750 பாக்கெட்டுகள். மோடம் ஒவ்வொரு பாக்கெட்டையும் 53 பைட் அளவுள்ள செல்களாக மறுபடி நறுக்குகிறது. ஒரு பாக்கெட்டுக்கு முப்பதுக்கும் மேல். ஆக ஒரு காதுகுத்துப் படம் ஏறக்குறைய 90,000 செல்களாகக் கம்பியில் ஏறுகிறது. ஒவ்வொரு செல்லிலும் 5 பைட் முகவரிக்கே போய்விடும். இந்தக் கழிவையெல்லாம் தள்ளினால், 1 மெகாபிட் என்று சொல்லும் இணைப்பில் நொடிக்கு 105 கிலோபைட் அளவுக்குத்தான் படம் போகும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 9 ஜிபி. 300 ஜிபிக்கு 33 நாள்.

இந்த 33 நாள் கணக்கை நம்பி வரம்பு எதுவும் வைக்காமல் தொடங்கினால், அன்று மாலையே வீட்டில் சத்தம் கிளம்பும். யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கிறது, வீடியோ அழைப்பில் குரல் விட்டுவிட்டு வருகிறது. ஏற்றம்தானே நிரம்பியிருக்கிறது, இறக்கம் ஏன் படுக்கிறது என்று தோன்றும். காரணம் மோடத்தின் உள்ளே இருக்கிறது. கீழே வரும் ஒவ்வோர் இரண்டு பாக்கெட்டுக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு சிறு ஒப்புகை மேலே போக வேண்டும். அது போய்ச் சேராதவரை அனுப்பும் சர்வர் அடுத்ததை அனுப்பத் தயங்கும். மோடத்தின் வரிசையில் 256 கிலோபைட் தேங்க இடம் இருந்தால், 1 மெகாபிட் வேகத்தில் அது வடிய இரண்டு நொடி ஆகும். ஒற்றைப் பாலத்தில் மணல் லாரிகளுக்குப் பின்னால் சிக்கிய தபால்காரரின் சைக்கிள்போல, அந்தச் சிறு ஒப்புகை இரண்டு நொடி காத்துக் கிடக்கிறது. தேவைக்கு மேல் பெரிதான இந்த வரிசைகள் செய்யும் கெடுதலை ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் விரிவாக எழுதினார். பஃபர்புளோட் என்ற பெயரும் நிலைத்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பிங் போதும். பேக்கப் நின்றிருக்கும்போது 8.8.8.8க்கு பிங் அடித்தால் 30, 40 மில்லிநொடியில் பதில் வரும். பேக்கப் ஓடும்போது அதுவே 1,500, 2,000 என்று ஏறினால் வரிசை நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிங் மறுபடி பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் அளவுதான் உங்கள் இணைப்புக்கான உச்ச வரம்பு. பெரும்பாலும் அது உண்மையான ஏற்ற வேகத்தில் 80, 85 சதவீதமாக இருக்கும். இங்கே 90 கிலோபைட்.

அந்த 90 இரவுக்கு மட்டுமே சரி. பகலில் வீட்டார் முழு 8 மெகாபிட்டையும் இறக்கினால் நொடிக்கு 290 ஒப்புகைகள் மேலே போக வேண்டும். ஒன்று 40 பைட்தான், ஆனால் மேலுறைகள் சேர்ந்து இரண்டு செல்லை நிரப்பி 106 பைட் ஆகிவிடும். மொத்தம் நொடிக்கு 31 கிலோபைட். ஏறும் வழியில் ஏறக்குறைய கால்வாசி இதற்கே போகிறது. அதன்மேல் ஒரு வீடியோ அழைப்பும் வந்தால் பேக்கப்புக்கு 40 கிலோபைட்டுக்கு மேல் விடக் கூடாது.

இந்த இரண்டு வரம்பையும் நேரத்தோடு சேர்த்துச் சொல்ல rclone என்ற இலவச நிரலில் வழி இருக்கிறது. போய்ச் சேரும் இடம் பேக்பிளேஸ் நிறுவனத்தின் பி2 கிடங்கு என்று வைத்துக்கொண்டால் கட்டளை இப்படி இருக்கும்:

```
rclone copy /mnt/padangal b2:veettu-padangal \
  --max-size 100M --transfers 2 \
  --bwlimit "07:00,40k 23:00,90k" \
  --log-file rclone.log --log-level INFO
```

இதில் இரண்டு இடத்தில் பலர் சறுக்குவார்கள். முதலாவது, bwlimit கேட்பது பைட் கணக்கு. பிராட்பேண்ட் திட்டம் சொல்வது பிட் கணக்கு. ‘1 மெகாபிட் இணைப்புதானே’ என்று 1M போட்டால் அது 8 மெகாபிட்டுக்கும் சற்று மேலான வரம்பு. அப்படி ஒன்று இருப்பதே இந்தக் கம்பிக்குத் தெரியாது. பிங் மறுபடி 2,000இல் நிற்கும். இரண்டாவது, copyக்குப் பதில் sync போடுவது. sync என்றால் மூலத்தில் இல்லாததை மேலேயும் அழித்துவிடும். டிஸ்க் சரியாகச் சொருகப்படாமல் கோப்புறை காலியாகத் தெரியும் ஒரு நாளில், ஒரு மாதம் ஏறியதெல்லாம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். copy அப்படி எதையும் அழிக்காது.

கணக்கு இனி வேறு மாதிரி. பகல் 16 மணி நேரத்தில் 2.3 ஜிபி, இரவு எட்டு மணி நேரத்தில் 2.6 ஜிபி. பகலில் பாதி நேரமே உள்ள இரவு, பகல் முழுவதும் நகர்வதைவிட அதிகம் சுமக்கிறது. நாளுக்கு 4.9 ஜிபி, 300 ஜிபிக்கு இரண்டு மாதம். 33 நாளை விட்டு இரண்டு மாதத்தைத் தேர்ந்தெடுப்பது முட்டாள்தனமாகத் தெரியலாம். ஆனால் வரம்பில்லாத பேக்கப்பை ஒவ்வொரு மாலையும் யாராவது நிறுத்துவார்கள், பிறகு மறுபடி ஓடவிட மறந்துவிடுவார்கள். வரம்புள்ள பேக்கப் ஓடுவதே யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் நிறுத்துவதில்லை. மாத டேட்டா அளவை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பல திட்டங்களில் ஏற்றமும் சேர்த்தே எண்ணப்படும். இங்கே மாதத்துக்கு 150 ஜிபி கூடுகிறது.

இனி IMG_2043.JPGஇன் முறை. ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகள் போவதால் இரவில் அதன் பங்கு நொடிக்கு 45 கிலோபைட். ஒன்றரை நிமிடத்தில் ஏறிவிடும். நடுவில் மின்சாரம் போனால் இழப்பு அந்த ஒன்றரை நிமிடம்தான். கட்டளை மறுபடி ஓடும்போது, அளவும் தேதியும் பொருந்தும் படங்களைத் தாண்டி, விட்ட படத்தை மட்டும் முதலிலிருந்து ஏற்றும். கணினி எழுந்ததும் கட்டளை தானாக ஓடும்படி வைத்துவிடலாம். ஆனால் இரண்டு rclone ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொன்றும் தனித்தனியே 90 கிலோபைட் எடுத்துக்கொள்ளும். வரம்பு வைத்ததே வீண்.

படத்துக்கு எளிதான இந்த வழி வீடியோவுக்குக் கடினம். 3 ஜிபி திருமண வீடியோ ஒன்று இரவு 11 மணிக்குப் புறப்பட்டால் மறுநாள் காலை 10 மணி வாக்கில்தான் போய்ச் சேரும். காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் பாதியில் தொடரும் வசதி rcloneக்கு இல்லை; மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் மேலே உள்ள கட்டளையில் --max-size 100M என்று வீடியோக்களைத் தள்ளிவைத்தோம். படங்கள் முடிந்த பிறகு --min-size 100M, --transfers 1, --b2-upload-concurrency 1 என்று மாற்றி, மோடத்துக்கும் கணினிக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் கொடுத்து, வீடியோக்களை ஒவ்வொன்றாக அனுப்பலாம்.

பெரிய கோப்புகளை rclone பி2வுக்கு 96 மெகாபைட் துண்டுகளாக அனுப்பும். இந்தக் கம்பியில் ஒரு துண்டுக்கே 18 நிமிடத்துக்கு மேல். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தத் துண்டு வீணாகும். --b2-chunk-size 5M என்று சேர்த்தால் துண்டுக்கு ஒரு நிமிடம். அறுந்தாலும் நஷ்டம் சிறிது. பாதியில் செத்த வீடியோக்களின் துண்டுகள் கிடங்கில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கி வாடகையைக் கூட்டும். rclone backend cleanup b2:veettu-padangal அவற்றைத் துடைத்துவிடும்.

மறுகரையில் படத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. கோப்போடு சேர்ந்து அதன் எஸ்ஹெச்ஏ-1 கைரேகையும் போகிறது. வந்த பைட்டுகளிலிருந்து சர்வர் தானே ஒரு கைரேகை எடுத்துப் பார்க்கிறது; பொருந்தாவிட்டால் திருப்பிவிடும். பொருந்தினால் கோப்பு மறுபடி துண்டாகிறது. பேக்பிளேஸ் 2015இல் வெளியிட்ட விவரப்படி, 17 துண்டு தகவலும், அவற்றிலிருந்து ரீட்-சாலமன் கணக்கில் பிறந்த 3 துண்டும், 20 வெவ்வேறு இயந்திரங்களில் போய் உட்காரும். எந்த 3 துண்டுகள் அழிந்தாலும் மீதியிலிருந்து படத்தைத் திரும்பக் கட்டலாம்.

எல்லாம் ஏறிய பிறகு ஒரு சரிபார்ப்பு:

```
rclone check /mnt/padangal b2:veettu-padangal --one-way
```

இது மேலே உள்ள கைரேகைகளின் பட்டியலை மட்டும் வாங்கி, வீட்டு டிஸ்கில் உள்ள கோப்புகளை முழுக்கப் படித்து ஒப்பிடுகிறது. கம்பிக்குப் பாரமில்லை, டிஸ்க்தான் சில மணி நேரம் சுழலும். வித்தியாசம் 0 என்று வந்தால் முதல் பேக்கப் முடிந்தது. பிறகு அதே copy கட்டளை ஒவ்வோர் இரவும் அன்றைய புதுப் படங்களை மட்டும் ஏற்றும்.

திரும்பி வரும் வழியையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. வேறு கோப்புறையில் ஒரு வருடத்துப் படங்களை இறக்கித் திறந்து பாருங்கள். bwlimit இறக்கத்தையும் கட்டுப்படுத்தும் என்பதால் அப்போது அதை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால், மேலே போக இரண்டு மாதம் ஆன 300 ஜிபி, இதே செம்புக் கம்பியில் நான்கு நாளுக்குச் சற்று மேலான நேரத்தில் வீடு திரும்பும்.