சந்தை அமைப்பை அட்டவணை கொண்டு இனங்காணுதல்

ஒரு சந்தையில் எத்தனை நிறுவனங்கள் விற்கின்றன, அவற்றின் பண்டங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன, புதியவர் நுழையத் தடை உண்டா, விலை யார் கையில் இருக்கிறது ஆகிய நான்கையும் கொண்டு அதன் போட்டி வகையை அறியும் முறை இது.

| அமைப்பு | நிறுவனங்கள் | பண்டம் | நுழைவுத் தடை | விலை மீது பிடி |
|---|---|---|---|---|
| நிறைவுப் போட்டி | மிகப் பல | ஒரே தன்மை | இல்லை | இல்லை |
| முற்றுரிமைப் போட்டி | பல | வேறுபட்டவை | குறைவு | ஓரளவு |
| சில்லோர் முற்றுரிமை | சில | இரண்டும் உண்டு | அதிகம் | உண்டு. போட்டியாளரைப் பொறுத்தது |
| முற்றுரிமை | ஒன்று | நெருங்கிய மாற்று இல்லை | மிக அதிகம் | மிகுதி |

நான்கு பத்திகளுக்கும் சம எடை கிடையாது. மாணவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து விடை எழுதிவிடுகிறார்கள். ஆனால் ‘சில’ என்பதற்கு வரையறுத்த எண் எதுவும் இல்லை. ஒருவர் விலையை மாற்றினால் மற்றவர்கள் அதைக் கவனித்து நடந்தாக வேண்டுமா என்பதே கேள்வி. நிறுவனங்கள் பலவாக இருந்தால் பண்டத்தின் தன்மையைப் பார்த்து முதல் இரு வகைகளைப் பிரிக்கலாம். சிலவாக இருந்தால் நுழைவுத் தடையைப் பார்க்க வேண்டும். தடை இல்லாத இடத்தில் அந்தச் சிறு எண்ணிக்கை நீடிக்காது.

இந்தியக் கைபேசிச் சேவையை எடுத்துக்கொள்வோம். ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் ஆகிய நான்கே நாடு தழுவியவை. அழைப்பும் டேட்டாவும் ஏறக்குறைய ஒன்றேதான். 2011 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம். பண்டத்தை மட்டும் பார்த்தால் நிறைவுப் போட்டி என்றே தோன்றும். நுழைவுத் தடை அந்த எண்ணத்தைத் தகர்க்கிறது. அலைக்கற்றையை அரசின் ஏலத்தில் எடுக்க வேண்டும். நாடெங்கும் கோபுரங்கள் வேண்டும். பெருமுதலோடு ஜியோ 2016-இல் சேவையைத் தொடங்கியது. 2018-இல் ஏர்செல் திவாலானது, வோடபோனும் ஐடியாவும் இணைந்தன.

விலைக்கான சான்று 2024-இல் கிடைத்தது. ஜூன் 27 அன்று ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும் அடுத்து வி-யும் உயர்த்தின. ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆனது. மற்ற இரண்டின் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆனது. உயர்த்தாத பிஎஸ்என்எல்லுக்குச் சில மாதங்கள் வாடிக்கையாளர் வரத்து கூடியது. விலையை உயர்த்தும் வலு இருக்கிறது, ஆனால் பிறரும் உயர்த்தினால்தான் அது முழுமையாகப் பலிக்கும். ஆகவே இது சில்லோர் முற்றுரிமை.

சந்தையின் எல்லையைத் தவறாக வகுத்தால் அட்டவணையும் தவறும். ஒரே நிறுவனத்தின் சிக்னல் மட்டும் கிடைக்கும் மலைக்கிராமத்தைத் தனிச் சந்தையாகக் கொண்டால் எண்ணிக்கைப் பத்தி முற்றுரிமை என்று சொல்லும். ஆனால் அங்கு விற்கும் ரீசார்ஜ் திட்டமும் நகரத்தில் விற்கும் அதே திட்டம்தான். அதன் விலை நகரத்துப் போட்டியில் முடிவாகிறது.