முறையறிவும் கள அனுபவமும்: பிரின்ஸ் 2, பிஎம்பி சான்றிதழ்கள் எதை அளக்கின்றன?

திட்ட மேலாளர் பணிக்கான விளம்பரங்களில் ‘பிரின்ஸ் 2 பிராக்டிஷனர் அல்லது பிஎம்பி’ என்ற தகுதி அடிக்கடி கண்ணில் படுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு என்று கொள்ளும் இந்தப் பழக்கம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலாவது, ஒரு குறிப்பிட்ட முறையைக் கையாளத் தெரிகிறதா என்று சோதிக்கிறது. இரண்டாவது, பணிகளை முன்பே தலைமையேற்று நடத்தியவரை மட்டுமே தேர்வறைக்குள் விடுகிறது.

பிரின்ஸ் முறை பிரிட்டிஷ் அரசின் கணினிப் பணிகளுக்காக 1989இல் உருவானது. 1996இல் எல்லா வகைப் பணிகளுக்கும் பொருந்துமாறு அதை விரித்தபோது பிரின்ஸ் 2 ஆயிற்று. 2023இல் வந்த ஏழாம் பதிப்பில், ஃபவுண்டேஷன் தேர்வுக்கு 60 கேள்விகள், 60 நிமிடங்கள். புத்தகம் பார்க்கக் கூடாது. பிராக்டிஷனர் தேர்வுக்கு 70 கேள்விகள், 150 நிமிடங்கள். அதிகாரபூர்வக் கையேட்டைப் புரட்டிக்கொண்டே எழுதலாம். இரண்டிலும் தேறுவதற்கு 60 விழுக்காடு மதிப்பெண் போதும். பணி அனுபவம் எந்த நிலையிலும் கேட்கப்படுவதில்லை.

இரு நிலைகளுக்கும் உள்ள இடைவெளியை ஒரு கற்பனைச் சூழல் தெளிவாக்கும். பிரிட்டனில் ஒரு நகர மன்றம் தன் நூலகங்களுக்குப் புதிய கணினி அமைப்பை நிறுவுகிறது. நடப்புக் கட்டத்தின் செலவு 2,00,000 பவுண்டு. பத்து விழுக்காடு கூடினால் திட்ட மேலாளரே சமாளித்துக்கொள்ளலாம் என்று திட்ட வாரியம் அனுமதித்திருக்கிறது. இந்த வரம்புக்கு ‘டாலரன்ஸ்’ என்று பெயர். கட்டத்தின் நடுவில், செலவு 2,30,000 பவுண்டைத் தொடும் எனக் கணிப்பு வருகிறது. கையிலிருந்து இதுவரை போனது 1,20,000 மட்டுமே.

இந்த நிலையில் வாரியத்துக்குப் போகவேண்டிய ஆவணம் எது என்று ஃபவுண்டேஷன் கேட்கும். ‘எக்ஸெப்ஷன் ரிப்போர்ட்’ என்பது விடை, மனப்பாடம் போதும். பிராக்டிஷனர் கேள்வி வேறு விதமாக வரும்: பணம் இன்னும் மிச்சமிருப்பதால், கட்டத்தின் இறுதி மதிப்பீட்டுக் கூட்டம் வரை காத்திருந்து தெரிவிக்கலாம் என்று மேலாளர் முடிவு செய்கிறார், அது பொருத்தமா, ஏன்? பொருத்தமில்லை. வரம்பு மீறப்பட்ட பிறகல்ல, மீறப்படும் என்ற கணிப்பு வந்த உடனேயே வாரியத்தை எட்டவேண்டும் என்பது முறையின் விதி. கணிப்பு 2,15,000 ஆக இருந்திருந்தால் மேலாளரே திருத்த நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம். இந்த நுட்பத்தைப் பிடிப்பவருக்கே மதிப்பெண். முறையைச் சூழலோடு பொருத்திப் பார்க்கும் உண்மையான திறன் இது. ஆனாலும் தாளில் காட்டும் திறன்தான். வாரியத் தலைவரிடம் கெட்ட செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்ன அனுபவம் இல்லாதவரும் முழு மதிப்பெண் வாங்க முடியும்.

அமெரிக்காவின் பிஎம்ஐ நிறுவனம் 1984இல் தொடங்கிய பிஎம்பி வேறு வழியில் செல்கிறது. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதங்கள் பணிகளைத் தலைமையேற்று நடத்தியிருக்கவேண்டும். பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு 60 மாதங்கள். எந்தப் பணியில் எந்தப் பொறுப்பு வகித்தார் என்பதை விண்ணப்பத்தில் எழுதவேண்டும். தேர்வும் ஒரே கையேட்டைச் சார்ந்ததல்ல. அதே நூலகச் சூழல் அங்கே வந்தால், மேலாளர் முதலில் செய்யவேண்டியது என்ன என்று கேள்வி எழும். நான்கு விடைகளும் நியாயமாகத் தோன்றும். காரணத்தையும் தாக்கத்தையும் ஆராய்ந்த பிறகே மாற்றக் கோரிக்கைக்குப் போவது என்ற வரிசையை உணர்ந்தவர் தேறுவார்.

இதனால் பிஎம்பி உயர்ந்தது என்று ஆகிவிடாது. அனுபவம் அங்கே பெரும்பாலும் விண்ணப்பதாரர் சொல்வதுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கே தணிக்கை வரும். மாதங்களை எண்ணலாம், அந்த மாதங்களில் பணி எப்படி நடந்தது என்பதை எண்ண முடியாது. அதோடு, பிஎம்பி வைத்திருப்பவர் வாரியத்துக்கும் மேலாளருக்கும் இடையில் பிரின்ஸ் 2 வகுத்த அதிகார எல்லைகளை அறிந்திருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தேர்வு அமைப்பாளர்களின் விதியிலேயே இந்த வேறுபாட்டுக்குச் சான்று உண்டு. பிஎம்பி பெற்றவர் ஃபவுண்டேஷன் எழுதாமலேயே பிராக்டிஷனர் தேர்வுக்கு அமரலாம். பிராக்டிஷனர் சான்றிதழோ பிஎம்பிக்கான 36 மாதங்களில் ஒரு மாதத்தைக்கூடக் குறைக்காது.

ஆகவே ஆளெடுப்பவர்கள் ஒவ்வொரு சான்றிதழும் விட்டுவைக்கும் இடத்தை நேர்காணலில் நிரப்பவேண்டும். பிராக்டிஷனரிடம், தாமே வாரியத்துக்குக் கொண்டுபோன ஒரு வரம்பு மீறலையும் அதன் முடிவையும் விவரிக்கச் சொல்லலாம். பிஎம்பி பெற்றவரிடம் நிறுவனத்தின் முறைப்படி அமைந்த ஒரு சூழலைக் கொடுத்து, எந்தக் கணிப்பில் தானே முடிவெடுப்பார், எதில் மேலே அனுப்புவார் என்று கேட்கலாம்.