ஒரு கிணற்றுக் கூற்றும் மூன்று மெய்மைக் கொள்கைகளும்

பாலையூற்றில் ஒருவர் தம் வளவுக் கிணற்றைக் காட்டி, "இந்தத் தண்ணி உவர்" என்கிறார் எனக் கொள்வோம். இக்கூற்று மெய் என்றால், அதை மெய்யாக்குவது எது?

ரசல் 1912இல் ஆதரித்த ஒப்புமைக் கொள்கையின்படி, கூற்று உலக நிலைமையோடு பொருந்துவதே மெய்மை. ஆனால் எந்த நிலைமையோடு? குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் சுவையில் தெரியக்கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எல்லா நாக்கும் அங்கேயே உணர்வதில்லை. மாரியில் தணியும் உவர்ப்பு கோடையில் ஏறவும் செய்யும். நீரில் உப்பு இருக்கிறது, 'உவர்' என்னும் எல்லைக்கோடு இல்லை. கோட்டைப் போடுவது நம் வழக்கு. போட்டபின், இன்றைய நீர் அதற்கு எந்தப் பக்கம் என்பதை வழக்கால் தீர்மானிக்க முடியாது. ஒப்புமைக் கொள்கையின் பலம் இங்கேதான்.

யோகிம் 1906இல் விரித்த இயைபுக் கொள்கை, கூற்றை மற்ற நம்பிக்கைகளோடு சேர்த்துப் பார்க்கிறது. அயல் கிணறுகளும் உவர், கடலும் கிட்ட, மழையும் இல்லை: கூற்று இவற்றோடு இயைகிறது. நாம் நாள்தோறும் சோதிப்பதும் இப்படித்தான். ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த கிழக்குக் கரைக் கிணறுகளை எண்ணுங்கள். 'இன்னும் உவர்' என்பதற்கு ஒரு நம்பிக்கைத் தொகுதி இயையும். 'மழை கழுவிவிட்டது' என்பதற்கு இன்னொன்று இயையும். எது சரி என்று அறிய வாளியை இறக்க வேண்டும். வாளி தரும் சுவையும் ஒரு நம்பிக்கைதானே என்று இயைபுவாதி மடக்குவார். சரிதான், ஆனால் அந்த ஒரு நம்பிக்கை மட்டும் ஏன் தொகுதியையே கலைக்கிறது என்பதற்கு இயைபுக்குள் விடையில்லை. இயைபு அறியும் வழி, அளவைக்குரிய செய்தி. மெய்மையின் இயல்பாக அதை எடுத்துக்கொண்டதே பிழை.

ராம்சி 1927இல் காட்டிய பாதை வேறு. 'தண்ணி உவர் என்பது மெய்' என்பது 'தண்ணி உவர்' என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அப்படியானால் 'மெய்' என்ற சொல் எதற்கு? "அக்கா கிணற்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை" என்னும்போது அது வேண்டும். அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நாம் அடுக்க முடியாது. பொதுமைப்படுத்தும் கருவி அது, மறைந்து கிடக்கும் ஒரு பண்பின் பெயர் அல்ல.

சுருக்கவாதம் எனப்படும் இந்தப் பார்வைக்கு எதிரான வலுவான தடை அரிஸ்டாட்டிலின் ஒரு கருத்திலிருந்து எழுகிறது. நீர் உவர் என்பதால் கூற்று மெய்யாகிறது. கூற்று மெய் என்பதால் நீர் உவராவதில்லை. 'தண்ணி உவர் என்பது மெய்' என்பதையும் 'தண்ணி உவர்' என்பதையும் சமப்படுத்தும் ஒரு வாய்பாடு இந்தத் திசையைக் காட்டுமா? 1990இல் ஹார்விச் இதற்கு விடை தந்தார். நீர் ஏன் உவர் என்பதை உப்பு விளக்கும். அதிலிருந்து வாய்பாட்டின் வழியே கூற்றின் மெய்மை கிடைக்கும். விளக்கம் தொடங்கும் இடம் நீர் என்பதால் திசை தானாகவே வந்துவிடுகிறது.

இந்த விடை போதும் என்பது என் முடிவு. ஒப்புமைவாதி காக்க நினைத்தது அந்தத் திசையை. அதற்கு 'நிலைமை' என்ற தனிப்பொருளையோ 'பொருந்தல்' என்ற தனி உறவையோ கற்பிக்கத் தேவையில்லை.