நிபந்தனைக்குட்பட்ட தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கை

விற்பனைப் பதிவுகளில் ஒரு நிபந்தனைக்குள் வரும் வாடிக்கையாளர்களை, ஒருவர் எத்தனை முறை வாங்கியிருந்தாலும் ஒருமுறை மட்டும் கணக்கில் சேர்த்து எண்ணும் முறை. எண்ணப்படுவது ஆள், பில் அல்ல.

சித்தூரிலும் திருப்பதியிலும் கிளை வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரியிடம் எட்டு பில்கள் இருப்பதாகக் கொள்வோம். 101 என்ற வாடிக்கையாளர் சித்தூரில் இருமுறை வாங்குகிறார். 102 இரண்டு ஊரிலும் தலா ஒருமுறை, 103 திருப்பதியில் மூன்று முறை, 104 சித்தூரில் ஒருமுறை. திருப்பதி பில்கள் நான்கு. அங்கே வாங்கியவர்களோ 102, 103 என இருவரே.

```
SELECT COUNT(DISTINCT CASE
  WHEN branch = 'Tirupati'
  THEN cust_id END)
FROM bills;
```

நிபந்தனைக்கு வெளியே உள்ள வரிகளுக்கு `CASE` தருவது `NULL`. அதை `COUNT` எண்ணாது. பழக்கத்தில் `ELSE 0` என்று சேர்த்துவிட்டால் பூஜ்யமும் ஒரு வாடிக்கையாளராகி, விடை மூன்று ஆகிவிடும். ஒன்று மட்டுமே கூடுவதால் பெரிய அறிக்கையில் இந்தப் பிழை கண்ணில் படுவதே இல்லை. வாங்கவே ஆளில்லாத ஓர் ஊரின் பெயரைக் கொடுத்துப் பார்த்தால் 0 வர வேண்டும். 1 வந்தால் பிழை இங்கேதான்.

சித்தூருக்கு விடை மூன்று. இரண்டையும் கூட்டினால் ஐந்து, ஆனால் மொத்த வாடிக்கையாளர் நால்வர்தான், ஏனெனில் 102 இரண்டு பக்கமும் வருகிறார். ரூபாயைக் கூட்டுவதுபோல் கிளைவாரித் தலைக்கணக்கைக் கூட்டவே கூடாது. மொத்தத்தை பில்களிலிருந்து தனியாக எண்ண வேண்டும். மாதக் கணக்குகளைக் கூட்டி ஆண்டுக் கணக்கு எடுப்பதும் இதே தவறு.

கிளைக்குப் பதில் முகவரியின் மாவட்டத்தை நிபந்தனையாக வைத்தால் இப்பகுதியில் தனிச் சிக்கல் உண்டு. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பதியும் ஸ்ரீகாளஹஸ்தியும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. அந்த ஆண்டு அறிக்கையில் சித்தூர் வாடிக்கையாளர்கள் சரிந்ததாகத் தெரிந்தாலும் எவரும் கடையை விட்டுப் போயிருக்க வேண்டியதில்லை. திருத்தம் பாதி முகவரிகளில் மட்டும் நடந்திருந்தால், ஒரே தெருக்காரர்கள் இரு மாவட்டங்களில் நிற்பார்கள். ஆண்டுகளை ஒப்பிடும்போது பின்கோடை வைத்து எண்ணுவது நம்பகமானது: சித்தூர் நகரின் 517001, திருப்பதியின் 517501 போன்ற எண்கள் மாவட்டப் பிரிவினையால் மாறவில்லை.

யார் ஒரே வாடிக்கையாளர் என்பதையும் முதலில் தீர்மானித்தாக வேண்டும். சித்தூரிலும் வேலூரிலும் கடை வைத்திருக்கும் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ஜிஎஸ்டி எண்கள் இருக்கும். ஆந்திரத்தினுடையது 37 என்றும் தமிழ்நாட்டினுடையது 33 என்றும் தொடங்கும். மூன்றாம் இடத்திலிருந்து வரும் பத்து எழுத்துகள் பான் எண். `SUBSTR(gstin, 3, 10)` என எடுத்து எண்ணினால் இரண்டும் ஒன்றாகும். ஜிஎஸ்டி எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளருக்கு இந்த வழி உதவாது. அங்கே மொபைல் எண்தான் அடையாளம். பெயர் தராத ரொக்க பில்கள் எல்லாம் ஒரே பொதுக் குறியீட்டில் பதிவானால், அத்தனை பேரும் சேர்ந்து ஒருவராகவே எண்ணப்படுவார்கள். அவற்றை விலக்கி, அந்த பில்கள் எத்தனை என்பதை அறிக்கையில் தனி வரியாகக் காட்டுவதே சரி.