அதிகாலை, அந்திநேர விரைவுச் சேவை (அழகு நிலையங்கள்)

அதிகாலை, அந்திநேர விரைவுச் சேவை என்பது, உத்தியோகத்துக்கும் தொழிற்சாலைக்கும் சென்று திரும்பும் பெண்களுக்கு அவர்களுடைய பிரயாண நேரத்துக்கு முன்னும் பின்னும் சிறு சிறு வேளைகளை ஒதுக்கி, குறித்த நிமிஷத்துக்குள் முடியக்கூடிய பணிகளை மட்டும் தேர்ந்து, அந்த நேர உறுதிக்கென ஒரு கட்டணத்தையும் நிர்ணயித்து அழகு நிலையங்கள் நடத்தும் முறையாகும். தருமபுரி மாவட்டத்துப் பேரூராட்சியாகிய கம்பைநல்லூரைப் போன்ற சிற்றூர்களில், வீட்டின் முன்னறையிலோ கடைவீதி மாடியிலோ ஒரு பெண்மணி ஓர் உதவியாளரோடு நடத்தும் ஒற்றை நாற்காலி நிலையத்துக்கு இம்முறை எவ்வாறு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பின்னணி

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்களை வேலை வாங்கலாகாது என்று விதித்திருந்தது. அந்த விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில், வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில், தீர்ப்பளித்தது. அதன் பிறகு தமிழ்நாட்டு ஆலைகளில் பெண்களின் வேலை நேரம் பல முறைகளாகப் பிரிந்து விரிந்தது. கம்பைநல்லூருக்கு வடக்கே, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் அமைந்த மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களைக் கொண்டே நடத்தப் போவதாக ஓலா நிறுவனம் 2021இல் அறிவித்தது இப்பகுதியில் அந்த விரிவு எத்திசையில் சென்றது என்பதைக் காட்டும். அதே ஆண்டு மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்தது. ஆலையின் ஷிப்ட் வண்டி, நகரப் பேருந்து இவ்விரண்டின் நேரமே வேலைக்குப் போகும் பெண்ணின் நாளை வகுக்கின்றது. நகரப் பேருந்தைத் தவற விட்டவள் அடுத்து வரும் தனியார் வண்டியில் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். ஷிப்ட் வண்டியைத் தவற விட்டவளுக்கோ அன்றைய கூலியே போய்விடும். ஆகையால் இவளுக்கு அழகு நிலையத்தில் விலை மலிவைக் காட்டிலும், இத்தனை மணிக்கு எழுந்து விடலாம் என்ற நிச்சயமே முதன்மையான சரக்கு.

பணிகளைத் தேர்தல்

விரைவு என்பது கையை வேகமாக ஓட்டுவதன்று. வேலையில் எதை நீக்கலாம் என்று அறிவதாகும். 1996இல் டோக்கியோவில் தொடங்கிய கியூபி ஹவுஸ் என்னும் முடிதிருத்தும் நிலையம் 10 நிமிஷத்தில் 1000 யென்னுக்கு முடி வெட்டியது. தலை அலசுவதை அங்கே விட்டுவிட்டார்கள். வெட்டிய துணுக்குகளைக் காற்றால் உறிஞ்சும் குழாயை வைத்தார்கள். பணம் வாங்குவதைச் சீட்டு இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். காத்திருப்போர் எத்தனை என்பதைத் தெருவிலிருந்தே அறிய வாசலில் விளக்கு பொருத்தினார்கள். கத்தரி பிடித்த கையின் நிதானத்தில் மட்டும் அவர்கள் எதையும் குறைக்கவில்லை.

நமது அழகு நிலையத்தில் அதிகாலைக்கு முற்றிலும் உகந்தது புருவம் திருத்தும் திரெட்டிங் ஆகும். பவுடர் தடவி, புது நூலெடுத்து, இரு புருவமும் முடிக்கப் பழகிய கைக்கு 7 நிமிஷம் போதும். அதனால் எழும் சிவப்பு பெரும்பாலோருக்கு அரைமணியில் தணிந்து விடுமாதலால், பேருந்தை விட்டு இறங்கும்போது முகம் பழையபடி ஆகிவிடும். தலைபின்னிப் பூ வைத்தல், விசேஷ நாளில் சேலை கட்டிவிடுதல் ஆகியவையும் காலைக்கு ஏற்றவை. வேக்ஸிங் காலைக்கு ஏற்றதன்று. மெழுகு உருகவே முன்கூட்டி அடுப்பேற்ற வேண்டும் என்பது சிறிய காரணம். ரோமம் நீக்கிய தோல் சீருடைக்குள் நாள் முழுதும் வியர்த்து உராய்ந்தால் சிறு சிறு கொப்புளங்கள் எழும் என்பதே பெரிய காரணம். அதனை மாலைக்குத் தள்ளினால் இரவு முழுதும் தோலுக்கு ஓய்வு கிடைக்கும். முகத்தைச் சுத்தம் செய்யும் கிளீனப்பும், அதன் பின் வெயில் படாதென்பதால், மாலைக்கே பொருத்தமானது.

சில பணிகளை எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் விரைவுபடுத்த இயலாது. தலைச்சாயம் ரோமத்தில் பற்றுவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் வேண்டும். அது ரசாயனத்தின் நியதியே தவிர, வேலைக்காரியின் சோம்பலன்று. முதன்முறையாகச் சாயமோ பிளீச்சோ போடுகிறவருக்குக் காதின் பின்புறத்தில் சிறிது தடவிப் பார்த்து, ஒவ்வாமை இல்லையென்று அறிய ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை அவகாசம் வேண்டும். அத்தகையவரை அவசர வேளையில் நாற்காலியில் அமர்த்துவது தகாது. கருவிச் சுத்தமும் இவ்வாறே. கத்தரியும் இடுக்கியும் கிருமிநாசினியில் அதன் புட்டியில் குறிப்பிட்ட நேரம் மூழ்கிக் கிடந்தால்தான் பயன் உண்டு. ஆதலின் வேளைகளை நெருக்கி வைக்க விரும்பும் நிலையம் ஒன்றுக்கு மூன்று ஜோடிக் கருவிகளை வைத்துச் சுழற்ற வேண்டும்.

கட்டண நிர்ணயம்: ஓர் உதாரணம்

அதிகாலைக்குப் பெண்களை வரவழைக்கச் சலுகை விலை அறிவிப்பது பலரும் செய்யும் காரியம். ஆனால் அது தலைகீழான முறை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்த வேளைதான் அகப்படுகின்றது, நிலையத்துக்கும் அதுவே நெருக்கடி வேளை. சலுகையை, நாற்காலி வெறுமனே கிடக்கும் 11 மணி முதல் 4 மணி வரையான பகற்பொழுதுக்கு, வீட்டிலிருக்கும் பெண்களுக்கென அளிப்பதே நியாயமாகும்.

காலைக் கட்டணத்தின் அடிப்படையை ஒரு கணக்கால் விளக்கலாம். இதிலுள்ள தொகைகள் உதாரணத்துக்காகக் கொண்டவை. வாடகை, மின்சாரம், உதவியாளர் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதச் செலவு 12,000 ரூபாய் என்றும், மாதம் 26 நாள், நாளொன்றுக்கு 10 மணி நேரம் நிலையம் திறந்திருக்கும் என்றும் கொள்வோம். மணிக்குச் செலவு சுமார் 46 ரூபாய். உரிமையாளர் தம் உழைப்புக்கு மணிக்கு 80 ரூபாய் வைத்தால் மொத்தம் 126. நிமிஷத்துக்கு 2 ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் திறந்திருக்கும் நேரத்தில் பாதிதான் வேலை நடக்கிறதாதலால், வேலை நடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 4 ரூபாய் ஈட்ட வேண்டும். திரெட்டிங்குக்கு 7 நிமிஷமும், துடைத்துச் சீர்செய்ய 3 நிமிஷமும் ஆக 10 நிமிஷம். எனவே அதன் சாதாரண விலை 40 ரூபாய்.

காலை 6.30 முதல் 8.30 வரை இத்தகைய பத்து நிமிஷ வேளைகள் 12 உள்ளன. பன்னிரண்டையும் கொடுத்துவிட்டால் முதற்காரியத்தில் நேர்ந்த நாலு நிமிஷத் தாமதம் அடுத்தவரைத் தொட்டு, அவரிடம் மேலும் நாலு சேர்ந்து, ஆறாவது பெண் அமரும்போது 20 நிமிஷமாகத் திரண்டு நிற்கும். அவள் பேருந்து போயே போய்விடும். இதைத் தடுக்க மூன்று பேருக்குப் பின் ஒரு வேளையைக் காலியாக வைக்க வேண்டும். சேர்ந்த தாமதமெல்லாம் அதில் பெரும்பாலும் கரைந்து போகும். அப்போது விற்பனைக்கு வருவன 9 வேளைகளே. 12 வேளைக்குரிய 480 ரூபாயை 9 பேர் பகிர்ந்தால் தலைக்கு 53 ரூபாய் சொச்சம் ஆகிறது. அதை முழுத்தொகையாக 50 என்று வைப்பது இருசாராருக்கும் நியாயமான விலை. கூடுதலான அந்தப் பத்து ரூபாய் அவசரத்துக்கு விதித்த அபராதமன்று. அவளுக்காகக் காலியாக வைத்த நேரத்தின் விலை. ஆகவே குறித்த நேரத்துக்கு மேல் பத்து நிமிஷம் காக்க வைத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் இம்முறையின் அங்கமே.

ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட நிலையங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது.

மாலை ஒப்படைத்துக் காலை பெறுதல்

நாற்காலியில் அமராமலே பெறும் சேவை ஒன்றும் இவ்வேளைகளுக்கு மிக இசைந்தது. வேலை முடிந்து வரும் வழியில் சேலையைக் கொடுத்துவிட்டால், கொசுவமும் முந்தானை மடிப்பும் முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டு, மறுநாள் காலை தந்துவிடுவார்கள்; கட்டிக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். மூன்று நாளில் தருவதற்கு ஒரு விலையும் மறுநாள் காலையே தருவதற்கு அதனினும் கூடிய விலையும் வைப்பது வழக்கம். இரவுப் பணி உரிமையாளரின் சொந்த ஓய்வு நேரத்தைத் தின்பதாகையால், ஓர் இரவுக்கு மூன்று நான்கு சேலைக்கு மேல் ஏற்கலாகாது. பட்டாயின் சரிகையின் மேல் பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும். மடிப்பில் ஊசி இரவெல்லாம் குத்திக் கிடந்தால் துளை விழுந்து துரு படியும் என்பதால் பட்டுக்குக் கிளிப்பே உத்தமம்.

வழக்கங்களும் வரம்புகளும்

விளக்கு வைத்த பின் முடியோ நகமோ வெட்டலாகாது என்பது இவ்வூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் பேணும் ஆசாரம். ஆதலால் முடி நுனி வெட்டுதலை மாலைப் பட்டியலில் சேர்த்து விளம்பரம் செய்வது வீண். அதனைக் காலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்த்து முழுகும் நாட்களாகையால், அந்தக் காலைகளில் தலைமுடிப் பணிக்கு வருவோர் அருகிப் போவர்.

இம்முறைக்குப் பெரும் இடையூறு முகூர்த்த நாள். தை, ஆவணி மாதங்களில் மணப்பெண் அலங்காரத்துக்காக உரிமையாளர் விடியுமுன்னே, மூன்று மணிக்கெல்லாம் மண்டபத்துக்குப் போய்விடுவார். ஒரு கல்யாணத்தின் வரும்படி பல காலைகளின் வரும்படியை மிஞ்சுமாகையால் அதை விடச் சொல்வதற்கில்லை. ஆனால் அறிவிப்பின்றிக் கதவு சாத்தியிருக்கக் கண்டு இரண்டு முறை திரும்பியவள் மூன்றாம் முறை வரமாட்டாள். பஞ்சாங்கத்தைப் பார்த்து மாதத் தொடக்கத்திலேயே அந்நாட்களைப் பலகையில் எழுதி வைப்பதோ, திரெட்டிங் மட்டுமாவது உதவியாளருக்குக் கற்றுக் கொடுத்துக் காலை வேளையை அவரிடம் விடுவதோ இதற்குப் பரிகாரம். மாலையில் உதவியாளர் வீடு திரும்பும் கடைசிப் பேருந்தே நிலையத்தின் அடைப்பு நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

முறை செவ்வனே நடக்கிறதா என்பதை அறிய ஒரு நோட்டுப் புத்தகமே போதுமானது. ஒவ்வொருவருக்கும் குறித்த நேரம், அமர்ந்த நேரம், எழுந்த நேரம் மூன்றையும், இடமில்லாது திரும்பியவர் எண்ணிக்கையையும் ஒரு மாதம் எழுதி வர வேண்டும். எழும் நேரம் வாரந்தோறும் பிந்திக்கொண்டே போனால் காலி வேளைகள் திருட்டுத்தனமாக நிரப்பப்படுகின்றன என்று பொருள். திரும்பிப் போவோர் மிகுந்தால் இரண்டாம் நாற்காலிக்குக் காலம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பின்னும் 9 வேளைகளில் பாதிகூட நிரம்பவில்லையாயின், அவ்வழியே போகும் வண்டிகளின் நேரத்தோடு நிலையத்தின் நேரம் பொருந்தவில்லை என்று கொண்டு, விலையில் கைவைக்காமல் திறக்கும் நேரத்தை மாற்றிப் பார்ப்பதே முறையாகும்.